விசிட்டிங் காட்டில் அப்பா

ஜப்பானிலிருந்து வந்தவர் என் விசிட்டிங் காட்டை இரண்டு கையாலும் வாங்கினார். நெஞ்சுக்கு நேரே பிடித்து, அவசரமே இல்லாமல் மேலிருந்து கீழ் வரைக்கும் வாசித்தார். பிறகு இடுப்பைக் கொஞ்சம் வளைத்து, என் முகத்தைப் பார்த்து, என் அப்பாவின் பெயரைச் சொன்னார். பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு 'சான்'.

அப்பா இறந்து அப்போது ஏழு வருடம். வாழைச்சேனை காகித ஆலையில் வேலை செய்தவர். வைக்கோல் அவிக்கிற மணம் சட்டையில் ஏறித்தான் வீட்டுக்கு வருவார். எத்தனையோ தொன் காகிதத்தைப் பார்த்த மனிதர், தன் பெயர் அச்சடித்த ஒரு சின்னக் காட் வைத்திருந்ததில்லை. அவரை ஒரு ஆடைத் தொழிற்சாலை வாசலில், நிறைகுடத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு வெளிநாட்டுக்காரர் பெயர் சொல்லிக் கும்பிடுகிறார். நான் திருத்தவில்லை. எப்படித் திருத்துவது? 'அது நானில்லை, என் அப்பா' என்றால், வேறு யாருடைய காட்டையோ கொடுத்துவிட்டான் என்றல்லவா நினைப்பார்.

எங்கள் தொழிற்சாலை மட்டக்களப்பிலிருந்து வடக்கே கொஞ்சத் தூரத்தில் இருக்கிறது. பெயர் வேண்டாம். நான் அங்கே ஓர்டர் பக்கத்து வேலை பார்க்கிறேன். அதாவது வாங்குகிறவருக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்திலும் ஏச்சு வாங்குகிற வேலை. முதல் தடவையாக ஜப்பான் பையர்கள் நேரில் வருகிறார்கள் என்று தெரிந்ததும், கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து நாலு பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. ஜப்பானில் விசிட்டிங் காட்டுக்கு 'மெய்ஷி' என்று பெயர், அதைக் கொடுப்பதிலும் வாங்குவதிலும் ஒரு முறை இருக்கிறது, எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள் என்று. இரண்டு கையால் கொடு, எழுத்து அவர் பக்கம் திரும்பியிருக்கட்டும், வாங்கியதும் வாசி, காற்சட்டையின் பின்பக்கப் பொக்கற்றில் வைக்காதே, அவர் பார்க்க அதில் எதுவும் எழுதாதே. எல்லாம் சரியான குறிப்புத்தான். ஆனால் அன்றைக்குப் பிழையாகப் போன எதற்கும் அந்த நாலு பக்கத்தில் வழி இல்லை.

பெயர் விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே குறிப்பில் ஒரு வரி: 'ஜப்பான்காரருக்கு இனிஷியல் விளங்காது, காட்டில் முழுப்பெயர் போடுங்கள்.' நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். க. சிவகுமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அதை விரித்து கந்தசாமி சிவகுமார் என்று ஆங்கிலத்தில் அச்சடித்தால் என்ன ஆகும்? ஜப்பானில் குடும்பப் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால். நமக்கு ராமன், சோமன் மாதிரி அவர்களுக்கு யமதா தாரோ என்று ஒரு மாதிரிப் பெயர் உண்டு, விண்ணப்பப் படிவங்களில் உதாரணத்துக்கு எழுதிவைப்பது. அதில் யமதா குடும்பம், தாரோ ஆள். அலுவலகத்தில் யாரும் தாரோ என்று கூப்பிட மாட்டார்கள், யமதா-சான் என்பதுதான் வழக்கம். ஆகவே முன்னால் நிற்கிற பெயரை எடுத்துச் 'சான்' சேர்த்துக் கூப்பிடுவதுதான் அவர்களுக்கு மரியாதை. நம்முடைய பெயரில் முன்னால் நிற்பது அப்பா. அது குடும்பப் பெயரும் இல்லை, அடுத்த தலைமுறைக்குப் போகாது. என் பிள்ளைக்கு முன்னால் நிற்கப்போவது நான்தான். இதை வாசலில் நின்று எப்படி விளக்குவது.

எனக்கு நடந்தது பரவாயில்லை. எங்கள் பக்கம் நின்ற ஆறு பேரில் இரண்டு பேர் முஸ்லிம் ஆண்கள், கட்டிங் பகுதிப் பொறுப்பாளரும் ஸ்டோர்ஸ் நானாவும். இரண்டு பேருக்கும் 'எம்' எழுத்தில் தொடங்குகிற இனிஷியல். விரித்தால் இரண்டுமே முகம்மது. ஆகவே கூட்டம் முழுக்க 'முகம்மது-சான்' என்று ஒரு கேள்வி வரும், இரண்டு தலை நிமிரும், ஒருவரையொருவர் பார்க்கும், பிறகு ஸ்டோர்ஸ் நானா பொறுமையாக 'கட்டிங்கா, ஸ்டோர்ஸா?' என்று தமிழிலேயே கேட்பார்.

சரி, வாசலுக்கு வருகிறேன். அன்றைய காலையை ஒழுங்குபடுத்தியவர்கள் நம்முடைய முறைப்படி எல்லாம் செய்தார்கள். நிறைகுடம், குத்துவிளக்கு, மாலை, பன்னீர்ச் செம்பு, சந்தனம், குங்குமம். தையல் பகுதியிலிருந்து இரண்டு பிள்ளைகள் சேலை கட்டி வந்து நின்றார்கள். வந்தவர்கள் நாலு பேர், அவர்களோடு கொழும்பிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர். இரவு பாசிக்குடாவில் தங்கி, காலை வானில் வந்து இறங்கினார்கள். மாலை விழுந்தது, பன்னீர் தெளித்தாயிற்று, சந்தனக் கிண்ணம் நீட்டினார்கள். விரலால் தொட்டு நெற்றியில் வைக்க வேண்டும் என்று சைகை காட்ட, நாலு பேரும் பக்தியோடு செய்தார்கள். நாங்களும் தொட்டு வைத்துக்கொண்டோம். உடனே காட் மாற்றத் தொடங்கினோம்.

ஈரச் சந்தனம் பட்ட விரல், வெள்ளைக் காட். இதை யோசிக்கப் பெரிய அறிவு தேவையில்லை, ஆனால் யாரும் யோசிக்கவில்லை. அவர்களில் பெரியவர் காட் பெட்டியில் கை வைக்கப் போனவர் நின்றார். காற்சட்டைப் பொக்கற்றிலிருந்து ஒரு சின்னத் துவாயை எடுத்து, விரலை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறந்தார். அவர் தந்த காட் அப்பழுக்கில்லாமல் என் கைக்கு வந்தது. நான் அதில் என் பெருவிரலை மஞ்சளாக அழுத்தி, கம்பனி முத்திரைக்கு மேலேயே ஒரு ரேகை வைத்துவிட்டேன், கிராம சேவகரிடம் கைநாட்டு வைக்கிற மாதிரி. அவர் கண்ணில் பட்டிருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

இப்போது யோசித்தால் பிழை சந்தனத்தில் இல்லை. வரவேற்பையும் காட் மாற்றத்தையும் ஒரே இடத்தில் வைத்ததுதான் பிழை. ஜப்பான் முறையில் வாசலில் காட் கொடுப்பதே குறைவு. வாசலில் குனிந்து ஒரு வணக்கம், பிறகு உள்ளே கூட்ட அறையில், எல்லோரும் நிற்கிறபோது, உட்காருவதற்கு முன்னால் காட். இடையில் மேசை இருக்கக்கூடாது. மேசைக்கு மேலால் எட்டிக் கொடுக்காமல் சுற்றிப் போய் நேருக்கு நேர் நின்று கொடுப்பார்கள். இது தெரிந்தால் மாலையும் சந்தனமும் வாசலோடு முடியும், உள்ளே போகிற வழியில் கை கழுவலாம், மாலையைக் கழற்றி வைக்கலாம். மாலையோடு குனிந்தால் அது முன்னால் தொங்கிக் கொடுக்கிற காட்டை மறைக்கும் என்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தோம்.

குனிகிற அளவைப் பற்றி அந்தக் குறிப்பில் பாகை கணக்கெல்லாம் போட்டிருந்தது. கடந்து போகிறபோது 15, வழக்கமான மரியாதைக்கு 30, ஆழ்ந்த நன்றிக்கோ மன்னிப்புக்கோ 45. பாகைமானி வைத்துக்கொண்டு யாரும் குனிய மாட்டார்கள். எங்களுக்குச் சிக்கல் வந்தது கை குலுக்குவதில். நம்மவர் கையை நீட்ட, அவர் குனிய, அவர் கையைப் பார்த்து நிமிர்ந்து நீட்ட, நம்மவர் அதற்குள் குனிய, இப்படி இரண்டு மூன்று ஜோடி. இதில் ஒரு சிரமமும் இல்லாமல் கடந்தவர் எங்கள் தரக்கட்டுப்பாட்டு மெனேஜர் ராத்தா ஒருவர்தான். அவர் அந்நிய ஆண்களுக்குக் கை கொடுப்பதில்லை. வலது கையை நெஞ்சில் வைத்து, தலையைத் தாழ்த்தி ஒரு புன்னகை. அது ஏறக்குறைய அவர்களுடைய வணக்கமேதான். நாலு பேரும் அவருக்கு மட்டும் தடுமாறாமல் குனிந்தார்கள்.

இனி இடது கை. எங்களுக்கு உண்மையில் விளங்காமல் போன இடம் இது.

குறிப்பில் 'இரண்டு கையால் கொடு, இரண்டு கையால் வாங்கு' என்று இருந்தது. ஒருவர் கொடுத்து முடித்த பிறகு மற்றவர் கொடுத்தால் இது நடக்கும். ஆனால் அலுவலக வழக்கத்தில் பெரும்பாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொடுத்து ஒரே நேரத்தில் வாங்குகிறார்கள். ஒரு ஆளுக்கு இரண்டு கைதானே. ஆகவே வலது கையால் தன் காட்டை நீட்டுவார்கள், இடது கையில் காட் பெட்டியைத் தட்டு மாதிரிப் பிடித்து அதன் மேல் மற்றவரின் காட்டை வாங்குவார்கள். தன் காட் கையை விட்டுப் போனதும் வலது கையும் வந்து சேர்ந்துவிடும். இரண்டு கை என்கிற மரியாதை கடைசியில் கிடைத்துவிடுகிறது, ஆனால் நடுவில் ஒரு கணம் இடது கையால் வாங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் உற்பத்தி மெனேஜர் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆள், ஐம்பது தாண்டியவர். இடது கையால் வாங்குவது அவர் உடம்பிலேயே இல்லை. கோயிலில் இடது கையை நீட்டினால் திருநீறு கிடைக்குமா? கடையில் இடது கையால் காசு கொடுத்தால் முதலாளி முறைத்துப் பார்ப்பார். பெரியவர் தன் காட்டை நீட்டினார். இவர் வலது கையில் தன் காட்டை நீட்டியபடி நிற்கிறார். இடது கை தானாக முன்னால் வந்தது, பாதியில் அவருக்கே உறைத்தது, இழுத்துக்கொண்டார். வலது கையாலேயே வாங்கலாம் என்று, நீட்டியிருந்த தன் காட்டை உள்ளங்கைக்குள் மடக்கப் பார்த்தார். இரண்டு காட்டும் தரையில். பெரியவரும் குனிகிறார், இவரும் குனிகிறார், இரண்டு பேரும் தரையில் கிடக்கிற காட்டை முந்தி எடுக்கப் போட்டி போடுகிறார்கள். மன்னிப்பு யார் கேட்பது என்பதிலும் போட்டி.

பிறகு அவரோடு கதைக்கிறபோது சொன்னார்: 'எனக்கு முறை தெரியாமலில்லை தம்பி. அவ்வளவு பெரிய மனிசன்ர காட்ட இடது கையால வாங்க மனம் வரல்ல.' அவர் மரியாதையில்தான் தவறவிட்டார். அடுத்த தடவைக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி சின்னது. காட் பெட்டியை இரண்டு கைக்கும் நடுவில், நெஞ்சுக்கு முன்னால் தாம்பாளம் மாதிரிப் பிடி. உன் காட் அந்தப் பெட்டிக்கு மேலே வலது கைப் பெருவிரலுக்கு அடியில் இருக்கட்டும். அவர் காட் வருகிறபோது அது பெட்டியில்தான் விழுகிறது, இடது கையில் அல்ல. தாம்பாளத்தில் வெற்றிலை வாங்குவது என்று நினைத்துக்கொள் என்று சொன்னதும் மனிசன் முகம் தெளிந்துவிட்டது. பெட்டி இல்லாமல் பர்ஸிலிருந்து காட் எடுத்தவர்களுக்கு இந்த வழியே கிடையாது. அதனால் ஆறு பேருக்கும் பெட்டி வாங்கினோம். ஜப்பான் காட் 91 மில்லிமீற்றர் நீளம், 55 அகலம். நம் ஊர் அச்சகங்களில் வழக்கமாக வெட்டுவது மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், ஏறக்குறைய 89க்கு 51. நம் காட்டுக்கு அளவெடுத்த பெட்டியில் அவர்கள் காட்டை வைத்து மூட முடியாது, நாலு மில்லிமீற்றர் வெளியே நிற்கும். பெட்டி வாங்கப் போகிறவர்கள் இதை அளந்து வாங்குங்கள்.

அடுத்தது பதவி. என் காட்டில் 'மேர்ச்சண்டைசிங் எக்ஸிகியூட்டிவ்' என்று இருந்தது. இங்கே எக்ஸிகியூட்டிவ் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். படித்து முடித்து இரண்டு வருடம் வேலை செய்த எந்தப் பெடியனும் எக்ஸிகியூட்டிவ்தான். காட்டின் மறுபக்கத்தை ஜப்பானிய மொழியில் போட்டுத் தந்தவர் அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார். அங்கே அந்தச் சொல் கம்பனியின் பணிப்பாளர் மட்டத்து ஆளைக் குறிக்கிறது. ஆகவே வந்தவர்களில் பெரியவர் எங்கள் பொது முகாமையாளரோடு காட் மாற்றிய கையோடு, உற்பத்தி மெனேஜரையும் ராத்தாவையும் தாண்டி என்னிடம் வந்தார். கூட்டத்தில் விலையைப் பற்றியும், கப்பலில் ஏற்றுகிற திகதியை இரண்டு கிழமை முன்னால் கொண்டுவர முடியுமா என்பதைப் பற்றியும் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். நான் 'பொறுங்கள், சேரிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொன்னாரோ, அந்த மனிதரின் முகத்தில் ஒரு குழப்பம். பணிப்பாளர் மட்டத்து ஆள், ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் நழுவுகிறார் என்று நினைத்திருப்பார்.

காட்டை அவ்வளவு நேரம் வாசிக்கிறார்களே, மரியாதைக்காக மட்டும் வாசிப்பதில்லை என்று அன்றைக்கு விளங்கியது. யாரிடம் என்ன கேட்கலாம், யார் முடிவெடுப்பார், யாருக்குப் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் எல்லாவற்றையும் அந்த நாலு வரியிலிருந்துதான் எடுக்கிறார்கள். அவர்களுடைய காட்டிலும் அப்படித்தான். 'புச்சோ' என்றால் ஒரு பெரும்பிரிவின் தலைவர், 'காச்சோ' அதற்குக் கீழே ஒரு பகுதியின் தலைவர். ஆங்கிலப் பக்கத்தில் புச்சோவுக்கு ஜெனரல் மெனேஜர் என்றும் காச்சோவுக்கு மெனேஜர் என்றும் போடுவது வழக்கம். ஆகவே 'மெனேஜர்' என்று பார்த்ததும் நம் ஊர் மெனேஜர் எடையைத் தூக்கி வைக்கக்கூடாது, 'ஜெனரல் மெனேஜர்' என்றதும் முழுக் கம்பனியையும் நடத்துகிறவர் என்று நினைக்கவும் கூடாது. என்னைப் போன்றவனுக்கு அங்கே 'தந்தோ' என்று ஒரு சொல் இருக்கிறது, அந்த வேலைக்குப் பொறுப்பான ஆள் என்று அர்த்தம். இப்போது என் காட்டின் மறுபக்கத்தில் அதுதான். பெருமை குறைந்தது, கூட்டம் சுலபமானது.

கூட்ட அறையில் இன்னொரு சின்ன விசயம். காட்டுகளை வாங்கியதும் உள்ளே வைக்காமல் மேசையில், எதிரே உட்கார்ந்திருக்கிற ஒழுங்குப்படியே பரப்பி வைக்கிறார்கள். அவர்களில் மூத்தவருடைய காட் மட்டும் பெட்டியின் மேல், மற்றவை பக்கத்தில் வரிசையாக. இடமிருந்து வலம் பார்த்தால் ஆளும் பெயரும் பொருந்தும். நல்ல வழி. ஆனால் அன்றைக்குப் பத்தரை மணிக்குக் கரண்ட் போய், ஜெனரேட்டர் வந்து, ஏசிக்குப் பதிலாகச் சீலிங் பேன் சுற்றத் தொடங்கியது. காட்டுகள் பறந்தன. ஸ்டோர்ஸ் நானா பாவம், உதவி செய்வதாக நினைத்து ஒரு காட்டின் மேல் பிளேன் டீக் கோப்பையைப் பாரத்துக்கு வைத்தார். கோப்பை வைத்தது காச்சோவின் பெயருக்கு மேல். காச்சோ எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்கு அடியில் நானாவின் காலை மிதித்தேன்.

அவர்கள் போன பிறகு நான் ஒரு வேலை செய்தேன். காட்டுகளை எடுத்து, பின்பக்க ஓரத்தில் பென்சிலால் திகதியும் ஒவ்வொருவரையும் ஞாபகம் வைக்க ஒரு சொல்லும் எழுதினேன். அவர்கள் முன்னால் எழுதுவதுதான் பிழை, போன பிறகு எழுதலாம், அவர்களும் அப்படித்தான் செய்கிறார்களாம். பிறகு எங்கள் காட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன்.

மறு வருடம் அதே பெரியவரும் வேறு மூன்று பேரும் வந்தார்கள். அதற்குள் காட்டில் பெயருக்குச் செய்த மாற்றம் இவ்வளவுதான்: அப்பாவின் பெயர் திரும்பவும் இனிஷியல் ஆனது, கூப்பிடுகிற பெயர் பெரிய எழுத்தில் தனியாக நின்றது, மறுபக்கத்தில் ஜப்பானிய எழுத்தில் கூப்பிடுகிற பெயர் மட்டும். பெரிய எழுத்து என்கிற யோசனை அவர்களிடமிருந்தே வந்தது. அவர்களுக்கும் ஆங்கிலத்தில் எழுதுகிறபோது எது முன்னால் என்கிற குழப்பம் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து ஜப்பான் அரசு ஆவணங்களில் ஆங்கில எழுத்திலும் குடும்பப் பெயரை முன்னால் போடுகிறார்கள், தெளிவாகக் காட்ட வேண்டிய இடத்தில் அதை முழுக்கப் பெரிய எழுத்தில் போடலாம். ஆனால் எல்லாக் கம்பனியும் மாறவில்லை. ஆகவே நாமும் பெரிய எழுத்து எங்கே என்று பார்த்து, அதற்குத்தான் 'சான்' போட வேண்டும். சந்தேகம் என்றால் கேட்கலாம். தங்கள் எழுத்தில் எழுதிய பெயரை எப்படி வாசிப்பது என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், அதில் குறை நினைப்பதில்லை.

ஜப்பானிய எழுத்தில் நம் பெயர் என்ன பாடுபடுகிறது என்பது வேறு கதை. அவர்களுக்கு லகரமும் ரகரமும் ஒன்று. சொல்லின் கடைசியில் 'ன்' தவிர வேறு மெய்யெழுத்து நிற்காது, ஒரு உயிர் ஒட்டிக்கொள்ளும். குமார் என்பது 'குமாரு' ஆகிவிடும், எங்கள் ஊர்ப் பெரியம்மா கூப்பிடுகிற மாதிரியே. மாலா 'மாரா' ஆவாள். மட்டக்களப்பின் ஆங்கிலப் பெயர் 'பட்டிகரோஆ'.

இரண்டாம் தடவை கூட்ட அறையில், கை கழுவிய பிறகு, நாங்கள் ஆறு பேர் ஒரு வரிசை, அவர்கள் நாலு பேர் எதிர் வரிசை. மொத்தம் 24 ஜோடி. அதாவது எங்களில் ஒவ்வொருவர் கையிலும் நாலு காட், அவர்களில் ஒவ்வொருவர் கையிலும் ஆறு காட்டாவது வேண்டும். மூத்தவர் மூத்தவரோடு தொடங்குவார், முடிந்ததும் ஒரு அடி நகர்ந்து அடுத்தவருக்குப் போவார், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் வருவார். இப்படிச் சரிந்து போனால் ஒன்பது சுற்றில் எல்லாம் முடிகிறது. சுற்றுக்கு இருபது விநாடி என்றாலும் மூன்று நிமிடம். ஒத்திகையில் இதை நாங்கள் பழைய பஸ் டிக்கற்றை வைத்துப் பழகினோம்.

முதலில் யார் நீட்டுவது என்பதில் மட்டும் ஒத்திகை உதவவில்லை. வந்தவர் முதலில் நீட்ட வேண்டும் என்பது ஒரு முறை. விற்கிறவர் வாங்குகிறவருக்கு முதலில் நீட்ட வேண்டும் என்பது இன்னொரு முறை. வந்தவரே வாங்குகிறவர் என்றால்? இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நீட்டியது. நீட்டுகிறபோது தன் காட் மற்றவருடையதைவிடக் கொஞ்சம் கீழே இருப்பது பணிவு. எங்கள் உற்பத்தி மெனேஜர் கீழே இறக்கினார், பெரியவர் இன்னும் கீழே இறக்கினார், இவர் விடவில்லை. முழங்கால் மட்டத்தில் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். காட் இந்தத் தடவை தாம்பாளத்தில் விழுந்தது. 'சோதாய் இதாஷிமஸ்', பணிவாகப் பெற்றுக்கொள்கிறேன் என்று பெரியவர் சொன்னார். இவர் பதிலுக்கு 'வணக்கம்' என்றார். பிறகு வழியில் மன்னம்பிட்டிப் பாலத்தைக் கடந்து வந்தீர்களா என்று கேட்டார். 2007இல் ஜப்பான் உதவியில் கட்டிய பாலம் அது, அதற்கு முன் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தில் மாறி மாறிப் போகும். பெரியவருக்கு அது தெரியவில்லை. போகிறபோது இறங்கிப் பார்க்கிறேன் என்று காச்சோவிடம் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

என் முறை வந்தது. அவர் காட்டை வாசித்தார், மறுபக்கம் திருப்பினார், நிமிர்ந்து பார்த்தார். போன வருடம் வேறு பெயரல்லவா என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார். அது என் அப்பாவின் பெயர், எங்களுக்கு முதலில் அப்பா, பிறகு ஆள் என்று சொன்னேன். அப்பா நலமா என்றார். இறந்துவிட்டார் என்றேன். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அப்பாவின் பெயரை இன்னொரு தடவை, அவருக்கு வந்த மாதிரி, மெதுவாகச் சொல்லிக் குனிந்தார். பாகை தெரியாது. போன தடவையை விட ஆழம்.

அன்று பின்னேரம் பொதி கட்டும் பகுதியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அங்கே முறிந்த ஊசித் துண்டு உடுப்பில் இருக்கிறதா என்று இயந்திரத்தில் பார்ப்பதால் உலோகப் பொருள் எதுவும் உள்ளே போக முடியாது. வாசலில் ஒரு பிளாஸ்ரிக் தட்டில் பேனை, சில்லறை, சாவி எல்லாம் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நாலு பேரின் காட் பெட்டியும் உலோகம். தட்டில் வைத்தார்கள். வைப்பதற்கு முன் பெரியவர் ஒரு காட்டை மட்டும் உருவி எடுத்துச் சட்டைப் பொக்கற்றில் வைத்தார். உள்ளே ஊசி கண்டுபிடிக்கிற இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருக்கிற அக்கா நிற்கிறார், செட்டிபாளையத்து ஆள், பதினொரு வருடம் அந்த இயந்திரத்தோடு. பெரியவர் இரண்டு கேள்வி கேட்டார், அக்கா இயந்திரத்தை ஓடவிட்டு, சோதனைத் துண்டை வைத்து அது நிற்பதைக் காட்டினார். பெரியவர் அந்த ஒற்றைக் காட்டை எடுத்து இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

அக்காவுக்கு யாரும் ஒத்திகை காட்டவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கி, சாமி படத்தைத் தொட்ட மாதிரி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னைக் கிறுகிப் பார்த்து, 'தம்பி, இத எங்க வைக்கிற?' என்று கேட்டார். திருப்பிக் கொடுக்க அவரிடம் காட் இல்லை. அதை நான் மொழிபெயர்ப்பாளரிடம் சொல்ல, பெரியவர் அக்காவின் பெயரைக் கேட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த கிழமை அக்காவுக்கும் காட் அடித்தோம். அச்சகத்தில் நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டார்கள். ஒன்றை மின்னஞ்சலோடு படமெடுத்து ஜப்பானுக்கு அனுப்பினேன், இரண்டை அடுத்து வந்த வேறு பையருக்கு அக்காவே கொடுத்தார். மீதி 98. ஊரில் கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு என்று போகிற இடமெல்லாம் மொய்க் கவருக்குள் பணத்தோடு ஒரு காட் வைக்கிறாராம். பெயர் எழுதுகிற வேலை மிச்சம் என்கிறார்.